ரஷ்யப் பெயர்ப்பலகைகளில் ஏமாற்றும் எழுத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

РЕСТОРАН என்ற பலகையை "பெக்டோபா" என்று படித்துவிட்டேன். எங்கே தவறினேன்?

அந்தச் சொல்லில் உங்களுக்குப் பழக்கமில்லாத வடிவம் ஒன்றுகூட இல்லை. தவறுக்குக் காரணமே அதுதான். எட்டு எழுத்துகளும் ஆங்கிலத்தில் நாம் தினமும் பார்க்கும் லத்தீன் எழுத்துகளைப் போலவே இருப்பதால், இது வேறு எழுத்துமுறை என்ற நினைவு வருவதற்குள் கண் படித்து முடித்துவிடுகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் நிற்கும் Р என்பது "ர்". அடுத்து வரும் Е ஏறக்குறைய நாம் நினைக்கும் "எ" ஒலிதான். С என்பது "ஸ்". அது ஒருபோதும் "க்" ஆவதில்லை. Т என்பது "த்", О என்பது "ஓ". மறுபடியும் Р, அதாவது "ர்". А என்பது "ஆ". கடைசியில் நிற்கும் Н என்பது "ன்". அது "ஹ்" அன்று. கூட்டிப் படித்தால் "ரெஸ்தோரான்" என்று வரும், பொருளும் உடனே விளங்கிவிடும்.

எட்டு எழுத்துகளில் Е, Т, О, А ஆகிய நான்கும் நம்பத்தக்கவை. இரண்டு Р, ஒரு С, ஒரு Н ஆகிய நான்கும் வேறு ஒலி கொண்டவை. பாதி சரியாக இருப்பதால் மீதிப் பாதியின் மேல் ஐயம் எழுவதில்லை. Ж, Щ போன்ற முற்றிலும் புதிய எழுத்தைக் கண்டால் யாரும் தயங்கி நின்று கேட்பார்கள். அதனால் அந்த எழுத்துகள் படிப்பவரைத் தவறான வழியில் அனுப்புவதில்லை. தெரிந்த முகத்தோடு வரும் எழுத்துகளே அனுப்புகின்றன.

இந்தப் பலகைக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். МЕТРО, ТЕАТР, САУНА, КАССА போன்ற சொற்களும் இப்படித்தான். ஒலியைச் சரியாகப் பிடித்துவிட்டால் மெட்ரோ, தியேட்டர், சௌனா, பணம் கட்டும் இடம் என்று பெரும்பாலும் தானே புரிந்துவிடும். ஒலியைத் தவறவிட்டாலோ, எந்த அகராதியும் உதவாது. "பெக்டோபா" என்ற சொல் எந்த அகராதியிலும் இல்லை.

ரஷ்ய மொழியின் 33 எழுத்துகளையும் கற்றால்தான் பலகை படிக்க முடியுமா?

நாளடைவில் எல்லாம் தேவைப்படும். ஆனால் ஏமாற்றும் எழுத்துகளை மட்டும் முதலில் கற்க வேண்டுமானால் அதற்கான பட்டியலை ரஷ்ய அரசே தெருவெங்கும் ஓடவிட்டிருக்கிறது: வாகனங்களின் பதிவெண் பலகைகள்தான் அந்தப் பட்டியல். 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி, எல்லை கடந்து செல்லும் வாகனத்தின் பதிவெண்ணை லத்தீன் எழுத்துகளும் நாம் வழங்கும் எண்களும் அறிந்தவர் படிக்க வேண்டும். அதனால் ரஷ்யாவில் 1993-இல் வகுத்த தரநிலையில், இரண்டு எழுத்துமுறைகளிலும் ஒரே வடிவம் கொண்ட 12 எழுத்துகளை மட்டுமே பதிவெண்ணுக்குத் தேர்ந்தார்கள். அவை А, В, Е, К, М, Н, О, Р, С, Т, У, Х ஆகியவை.

இந்தப் பன்னிரண்டும் சரிபாதியாகப் பிரிகின்றன. А, Е, К, М, О, Т ஆகிய ஆறும் நாம் எதிர்பார்க்கும் ஒலியையோ அதற்கு மிக நெருங்கிய ஒலியையோ தருகின்றன. மற்ற ஆறுதான் கற்க வேண்டியவை: В என்பது "வ்", Н என்பது "ன்", Р என்பது "ர்", С என்பது "ஸ்", У என்பது "உ", Х என்பது தொண்டையில் உரசி வரும் "ஹ்". கடைசி ஒலி தமிழர்க்குக் கடினமன்று. "மகன்" என்பதை இயல்பாகச் சொல்லும்போது நடுவில் வரும் ககரம் எப்படி உரசி ஒலிக்கிறதோ, அதைச் சற்று அழுத்தினால் Х ஆகிவிடும்.

தெருவில் நிற்கும் கார்களே நல்ல பயிற்சிப் புத்தகம் என்பது என் அனுபவம். பதிவெண்ணில் முதலில் ஓர் எழுத்தும், பிறகு மூன்று இலக்கங்களும், அதன்பின் இரண்டு எழுத்துகளும், வலது ஓரத்தில் வட்டார எண்ணும் இருக்கும். 77 என்பது மாஸ்கோ, 78 என்பது பீட்டர்ஸ்பர்க். நடந்து போகும்போது ஒவ்வொரு காரின் மூன்று எழுத்துகளையும் ரஷ்ய ஒலியில் சொல்லிப் பாருங்கள். அங்கே பொருள் என்று எதுவும் இல்லாததால் ஊகித்துத் தப்பிக்க வழியில்லை; எழுத்தை எழுத்தாகவே படித்தாக வேண்டும். இரண்டு மூன்று நாளில் Н-ஐக் கண்டால் "ஹ்" என்று தோன்றுவது நின்றுவிடும்.

வேறு ஒலிக்கு எதற்காக அதே வடிவத்தை வைத்தார்கள்?

லத்தீனைப் பார்த்து யாரும் மாற்றி எழுதவில்லை. இரண்டு எழுத்துமுறைகளும் கிரேக்கத்திலிருந்து வெவ்வேறு காலத்தில் பிறந்தவை. கிரேக்கத்தில் "ர்" ஒலிக்கு உரிய எழுத்தே Р வடிவம் கொண்டது. ரஷ்ய மொழியை எழுதப் பயன்படும் சிரிலிக் எழுத்துமுறை அதை அப்படியே எடுத்துக்கொண்டது. லத்தீனில் அதே எழுத்துக்கு ஒரு கால் முளைத்து R ஆனது. கிரேக்கத்தின் "பீட்டா" பண்டைக் காலத்தில் "ப்" என்று ஒலித்தது. சிரிலிக் உருவான காலத்துக்குள் கிரேக்கர்களே அதை "வ்" என்று சொல்லத் தொடங்கிவிட்டதால், В என்ற வடிவம் "வ்" ஒலியோடு ஸ்லாவிய மக்களிடம் வந்தது. "ப்" என்ற ஈரிதழ் வல்லொலிக்கு Б என்ற தனி எழுத்து தேவைப்பட்டது. С என்பது அக்காலக் கிரேக்கக் கையெழுத்தில் பிறை போல எழுதப்பட்ட சிக்மா; Х என்பது கிரேக்க "ஹி".

எனக்கு மிகவும் பிடித்தது Н-இன் கதை. கிரேக்கத்தில் "ன்" ஒலிக்கு உரியது N வடிவம். "ஈ" ஒலிக்கு உரியது H வடிவம். தொடக்கச் சிரிலிக்கிலும் அப்படியேதான் இருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் எழுதுவோர் கையில் N-இன் சாய்கோடு மெல்லப் படுத்து Н ஆகிவிட்டது. H-இன் படுக்கைக் கோடோ எதிர்த்திசையில் சாய்ந்து И ஆகிவிட்டது. ஆகவே இன்று நாம் "ஹ்" என்று படிக்கத் துடிக்கும் எழுத்து, கோடு சாய்ந்த பழைய N தான். இதை அறிந்த பிறகு நான் அந்த எழுத்தில் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

இவற்றுக்கு மேல், முதலாம் பீட்டர் மன்னர் 1708-இல் தேவாலயம் சாராத நூல்களுக்கென்று புதிய அச்செழுத்தை அறிமுகப்படுத்தினார். அது அக்கால மேற்கு ஐரோப்பிய அச்செழுத்தின் தோற்றத்தைத் தழுவியது. பழைய சிரிலிக்கின் கனத்த கோணங்கள் போய், ஒத்த எழுத்துகள் இன்னும் ஒத்துப்போயின. இன்று கடைப் பலகைகளில் பார்ப்பது அந்த வழிவந்த எழுத்துதான்.

ஒரு பலகை ரஷ்ய எழுத்திலா, ஆங்கில எழுத்திலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாட்சி எழுத்து ஒன்றைத் தேடுங்கள். Б, Г, Д, Ж, И, Л, П, Ф, Ц, Ш, Ы, Э, Ю, Я ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முழுச் சொல்லும் சிரிலிக். D, F, G, L, N, R, S, V, W, Z ஆகியவற்றில் ஒன்று இருந்தால் முழுச் சொல்லும் லத்தீன். БАР என்பது "பாப்" போலத் தெரிந்தாலும் முதலில் நிற்கும் Б சாட்சி சொல்லிவிடுகிறது. ஆகவே கடைசியில் இருப்பது "ர்", சொல் "பார்". АПТЕКА என்ற மருந்துக் கடைப் பலகையில் П அந்த வேலையைச் செய்கிறது.

சாட்சியே இல்லாத சொற்களில்தான் சிக்கல். РЕМОНТ (பழுது பார்த்தல்), ОКНА (சன்னல்கள்), АВТОМАТ (தானியங்கி இயந்திரம்), КАТОК (பனிச்சறுக்குத் திடல்) ஆகியவை முழுக்க முழுக்க அந்தப் பன்னிரண்டு எழுத்துகளால் ஆனவை. அப்போது பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருப்பதைப் பாருங்கள். அச்சில் சிரிலிக்கின் சிறிய в, н, т, м, к ஆகியவை பெரிய எழுத்தையே குள்ளமாக்கி வைத்தது போல இருக்கும். லத்தீனின் சிறிய b, h, t, k ஆகியவற்றுக்கோ மேலே நீளும் தண்டு உண்டு. ஆகையால் "ресторан" என்று சிறிய எழுத்தில் எழுதினால் ஏமாற்றம் பாதியாகக் குறைந்துவிடும். பலகை எழுதுவோர் பெரிய எழுத்தையே விரும்புவதுதான் நமக்கு வந்த தொல்லை.

ஒரு விதிவிலக்கை நினைவில் வையுங்கள். நீலப் பின்னணியில் வெள்ளையாக நிற்கும் P என்ற போக்குவரத்துக் குறி ரஷ்யாவிலும் வாகன நிறுத்துமிடத்தையே குறிக்கும். அது உலகப் பொதுக் குறி. அங்கே மட்டும் அது லத்தீன் எழுத்து.

ரஷ்யாவுக்கு வெளியே அச்சாகும் சில விளம்பரங்களில், ரஷ்யத் தோற்றம் தருவதற்காக R இருக்க வேண்டிய இடத்தில் Я-வையும் N இருக்க வேண்டிய இடத்தில் И-யையும் வைப்பதுண்டு. அவற்றைப் பார்த்துப் பழகியவர்கள் Я-வை "ர்" என்றே மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். அது "யா", ரஷ்ய மொழியில் "நான்" என்பதற்கு அந்த ஒரே எழுத்துதான் சொல். அந்தப் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிட வேண்டும்.

இழுத்துப் பார்த்தும் திறக்காத கடைக் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படம் எடுத்திருக்கிறேன். வரிவரியாக விளக்குவீர்களா?

நீங்கள் அனுப்பியது இது:

РЕМОНТ ОБУВИ
ВТ–СБ с 10 до 19
ПЕРЕРЫВ с 14 до 15
ВС, ПН выходной
ВХОД СО ДВОРА

முதல் வரி "ரெமோன்த் ஓபுவி". ОБУВИ என்பதில் Б "ப்", У "உ", В "வ்". காலணி பழுது பார்க்கும் கடை என்று பொருள். கண் У-வை "ய்" என்றும் В-யை "ப்" என்றும் எடுத்துக்கொண்டால் சொல் சிதைந்துவிடும்.

இரண்டாவது வரியில் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். ВТ, СБ என்பவை கிழமைப் பெயர்களின் சுருக்கம். ВТ என்பது "வ்தோர்னிக்", செவ்வாய். СБ என்பது "சுபோத்தா", சனி. உங்கள் பலகையில் இல்லையென்றாலும் СР-ஐயும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். அது "ஸ்ரெதா", புதன். ஆங்கிலக் கண்ணுக்கு அது வேறு ஏதோ நிறுவனப் பெயரின் சுருக்கம் போலத் தெரியும். எண்களுக்கு முன்னால் தனியாக நிற்கும் சிறிய с ஒரு முழுச் சொல். அதன் பொருள் "இலிருந்து". до என்பது "வரை". ஆகவே "காலை 10 மணியிலிருந்து இரவு 7 மணி வரை". ரஷ்யர்கள் நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதுவதால் 19 என்பது இரவு 7.

இப்படி ஒற்றை எழுத்தே சொல்லாக நிற்பது ரஷ்ய மொழியில் மிகுதி. в என்பது "உள்ளே" அல்லது "-இல்", к என்பது "நோக்கி", у என்பது "அருகே", с என்பது "இலிருந்து" அல்லது "உடன்". பலகையில் தனியாக ஓர் எழுத்தைக் கண்டால் அதைப் பட்டியலின் வரிசைக் குறி என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள்.

மூன்றாவது வரி இடைவேளை: "பெரெரீவ்", பிற்பகல் 2 முதல் 3 வரை. இதில் ஒரே சொல்லுக்குள் П என்ற உண்மையான "ப்"-உம், இரண்டு முறை Р என்ற "ர்"-உம் அடுத்தடுத்து வருகின்றன. П-யும் Р-யும் வெவ்வேறு எழுத்துகள் என்பதைக் கண்ணுக்குக் கற்பிக்க இதைவிட நல்ல சொல் கிடைப்பது அரிது.

நான்காவது வரியில் ВС என்பது ஞாயிறு, ПН என்பது திங்கள். அடுத்துள்ள выходной என்பதற்கு "விடுமுறை நாள்" என்று பொருள். ВЫХОД என்றால் "வெளியேறும் வழி" என்று மெட்ரோவில் கற்றுக்கொண்டவர்கள் இங்கும் ஏதோ வாயில் குறிக்கப்படுகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே வேரில் பிறந்தவைதாம். ஆனால் கிழமைச் சுருக்கத்தின் பக்கத்தில் வந்தால் அது கடை மூடியிருக்கும் நாள்.

கடைசி வரி "வ்ஹோத் ஸோ த்வோரா": முற்றத்தின் பக்கமாக உள்ளே வரவும். நீங்கள் இழுத்துப் பார்த்துத் திரும்பிய கதவு திறக்கும் கதவே அன்று. பீட்டர்ஸ்பர்க்கின் பழைய கட்டடங்களில் தெருவை ஒட்டி ஒரு வளைவு வாயில் இருக்கும். அதன் வழியே உள்முற்றத்துக்குள் சென்றால் அங்கே கடையின் வாசல் இருக்கும். இந்த ஒரு வரியைப் படிக்கத் தெரியாததால் திறந்திருக்கும் கடையை மூடியது என்று நினைத்துத் திரும்புவோர் பலர்.

கதவுகளிலும் மெட்ரோவிலும் எதைக் கவனிக்க வேண்டும்?

கதவில் இரண்டு சொற்றொடர்கள். К СЕБЕ அல்லது НА СЕБЯ என்றால் "உங்கள் பக்கம்", அதாவது இழுக்கவும். ОТ СЕБЯ என்றால் "உங்களிடமிருந்து அப்பால்", அதாவது தள்ளவும். இரண்டிலும் பெரிதாகத் தெரிவது СЕБ என்ற பொதுப் பகுதி. அதைப் படித்துப் பயனில்லை. முன்னால் நிற்பது К-யா, НА-வா, ОТ-ஆ என்று பார்த்தால் போதும்.

மெட்ரோவில் ВХОД உள்ளே செல்லும் வழி, ВЫХОД வெளியேறும் வழி. வேறுபாடு நடுவில் உள்ள Ы மட்டுமே. இரண்டு துண்டுகளாகத் தெரிந்தாலும் Ы ஒரே எழுத்து. அதை ஒரு b-யும் ஓர் I-யும் என்று பிரித்துப் படிக்கக் கூடாது. СЫР என்ற பாலாடைக்கட்டிப் பலகையிலும் இதே குழப்பம் வரும். Ы-இன் ஒலிக்குத் தமிழில் நேரான எழுத்து இல்லை. "உ" சொல்லும் இடத்தில் நாக்கை வைத்து, உதட்டைக் குவிக்காமல் "இ" சொன்னால் அருகில் வரும்.

இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது ВХОДА НЕТ. ВХОД என்ற பகுதியைக் கண்டதுமே மகிழ்ந்து உள்ளே நடப்பவர்கள், அதன் பின்னால் உள்ள НЕТ-ஐப் படிப்பதில்லை. அது "ந்யெத்", "இல்லை". "இவ்வழியே நுழைய முடியாது" என்பதே முழுப் பொருள். எதிரே ஒரு பெருங்கூட்டம் வெளியே வந்துகொண்டிருக்கும். அதுவே படிக்கத் தவறியதற்கு அடையாளம்.

என் நண்பர் "12 பி" என்று முகவரி சொன்னார். போய்ப் பார்த்தால் வேறு வீடாக இருந்தது. ஏன்?

அவர் பலகையில் கண்டது 12В என்பதாகவே இருக்க வேண்டும். ரஷ்யாவில் ஒரே எண்ணுள்ள கட்டடங்களை А, Б, В, Г என்ற அகரவரிசையில் பிரிப்பார்கள். ஆகவே 12В என்பது மூன்றாவது கட்டடம், "பன்னிரண்டு வே". அவர் அதை ஆங்கிலக் கண்ணால் "பி" என்று படித்துத் தொலைபேசியில் சொன்னார். நீங்கள் அந்த ஒலியைச் சரியான ரஷ்ய எழுத்தில் தேடி 12Б-க்குப் போனீர்கள். இரண்டு கட்டடங்களும் உண்மையாகவே இருப்பதால் தவறு உடனே தெரியவில்லை. அழைப்புமணியை அழுத்திய பிறகே தெரிந்தது.

பீட்டர்ஸ்பர்க்கில் எனக்கும் முதல் குளிர்காலத்தில் இதே நிகழ்ந்தது. பனியில் அரை மணி நேரம் தவறான வாசலில் நின்றேன். அன்றிலிருந்து முகவரியை வாயால் சொல்வதில்லை. பலகையைப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறேன். சொல்லியே ஆக வேண்டுமென்றால் "மூன்றாவது எழுத்து, வே" என்று சொல்கிறேன்.

மாஸ்கோ முகவரிகளில் எண்ணுக்குப் பின் к2, с3 என்பன போலவும் வரும். к என்பது "கோர்புஸ்", ஒரே எண்ணில் உள்ள தனித்தொகுதி. с என்பது "ஸ்த்ரயேனியே", வளாகத்துக்குள் உள்ள துணைக் கட்டடம். இந்த с-ஐ வரிசை எழுத்து என்று எண்ணி "சி வீடு" எங்கே என்று தேடக் கூடாது.

சிற்றுண்டிக் கடையின் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியதை ஏன் படிக்கவே முடிவதில்லை?

கையெழுத்தில் ஏமாற்றும் எழுத்துகளின் பட்டியலே மாறிவிடுகிறது. சாய்வெழுத்திலும் கையெழுத்திலும் சிறிய т மூன்று கால்களோடு m போல எழுதப்படும். П என்பது n போலவும், и என்பது u போலவும், கையெழுத்து д என்பது g போலவும் ஆகிவிடும். торт என்ற இனிப்புக் கேக்கின் பெயர், கரும்பலகையில் "மோப்ம்" என்று படிக்கத் தூண்டும் நான்கு எழுத்துகளாக நிற்கும். суп дня, அதாவது "இன்றைய சூப்", முதல் சொல்லிலேயே "சின்" போலத் தெரியும். பழங்களைக் கொதிக்கவைத்துச் செய்யும் компот என்ற பானத்தின் பிற்பாதி "நோம்" போலத் தெரியும்.

ஓர் உதவி உண்டு. சிலர் т-இன் தலைக்கு மேல் ஒரு சிறு கோடும், அதைப் போலவே மூன்று கால் கொண்ட ш-இன் அடியில் ஒரு கோடும் இடுவார்கள். கோடு மேலே இருந்தால் "த்", கீழே இருந்தால் "ஷ்". அப்படிக் கோடு இல்லாத பலகையில், அச்சிட்ட விலைப்பட்டியலைக் கேட்டு வாங்குவதே விரைவான வழி. அதில் அதே சொற்கள் நேரெழுத்தில் இருக்கும்.

விலைச்சீட்டில் 120 р. என்று இருந்தது. அது பைசாவா?

அது ரூபிள். р. என்பது рубль என்ற சொல்லின் முதலெழுத்து, ஒலி "ர்". அதைப் பைசாவின் p என்று கொள்பவர்கள் விலையை நூறில் ஒரு பங்காக நினைத்துவிடுகிறார்கள். நூறில் ஒரு பங்கான கோப்பெக் коп. அல்லது к. என்று குறிக்கப்படும். 2013 இறுதியில் ரூபிளுக்கு ₽ என்ற குறி ஏற்கப்பட்டது. அதுவும் Р எழுத்தின் குறுக்கே ஒரு கோடு இட்டதுதான், P அன்று.

பலகையில் கண்டதைத் தொலைபேசியில் தட்டச்சு செய்து மொழிபெயர்க்கப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லையே?

ஆங்கில விசைப்பலகையில் தட்டியிருப்பீர்கள். கண்ணுக்கு ஒன்றாக இருந்தாலும் கணினிக்கு அவை வேறு எழுத்துகள்: லத்தீன் P-இன் எண் `U+0050`, சிரிலிக் Р-இன் எண் `U+0420`. பலகையில் இருக்கும் РЕМОНТ-ஐ ஆங்கில விசைகளால் அச்சு அசலாக உருவாக்கிவிடலாம். ஆனால் உங்கள் கருவி அதை ரஷ்யச் சொல்லாக எடுத்துக்கொள்ளும் என்று நம்ப முடியாது. தொலைபேசியில் ரஷ்ய விசைப்பலகையைச் சேர்த்துவிட்டுத் தட்டுங்கள். அங்கே விசைகள் வேறு வரிசையில் இருக்கும். கணினி விசைப்பலகையில் Р என்பது H விசையிலும், Н என்பது Y விசையிலும், В என்பது D விசையிலும் உட்கார்ந்திருக்கும். С மட்டும் C விசையிலேயே இருப்பதால், மொழியை மாற்ற மறந்திருந்தாலும் அந்த ஓர் எழுத்தில் தவறு தெரியாமல் போய்விடும்.

கேமராவைக் காட்டி மொழிபெயர்க்கும்போது "மொழியைத் தானே கண்டுபிடி" என்ற தேர்வை விட்டுவிட்டு, மூலமொழி ரஷ்யன் என்று நீங்களே குறித்துவிடுங்கள். ВС, СР, НЕТ போன்ற குறுஞ்சொற்களில் சாட்சி எழுத்து இல்லாததால் கருவிக்கும் நமக்கு வரும் அதே குழப்பம் வரலாம். விடை பொருந்தவில்லை என்று தோன்றினால், திரையில் அது படித்ததாகக் காட்டும் மூலச்சொல்லை முதலில் பாருங்கள்; பெரும்பாலும் பிழை மொழிபெயர்ப்பில் இருக்காது, படிப்பில்தான் இருக்கும்.

அச்சு அகராதியில் தேடினால் எழுத்தின் இடம் நினைவில் இருக்க வேண்டும்: В மூன்றாவது, Н என்பது М-க்குப் பின், Р என்பது П-க்குப் பின், Х என்பது Ф-க்குப் பின்.

எழுத்தைச் சரியாகப் படித்துச் சொன்னேன். ஆனாலும் ரஷ்யர்களுக்குப் புரியவில்லை. என்ன செய்வது?

எழுத்து சரி, அழுத்தம்தான் விடுபட்டிருக்கும். ரஷ்ய மொழியில் ஒரு சொல்லில் ஓர் அசைதான் அழுத்தம் பெறும். அழுத்தம் பெறாத О ஏறக்குறைய "அ" ஆகிவிடும், அழுத்தம் பெறாத Е "இ"-யை நெருங்கும். МОСКВА என்று ஓகாரம் எழுதியிருந்தாலும் "மஸ்க்வா" என்பார்கள். РЕСТОРАН கடைசி அசையில் அழுத்தம் பெறுவதால் "ரிஸ்தரான்" என்று ஒலிக்கும். ВХОД-இல் Х-க்கு முன் நிற்கும் В குரலிழந்து "ஃப்" ஆகி, கடைசி Д-யும் கடினமாகி "ஃப்ஹோத்" என்று வரும். பலகையில் அழுத்தக் குறி இடும் வழக்கம் இல்லை. ஆகவே பலகையைப் படித்துப் பொருள் அறிய நான் மேலே எழுதியபடி எழுத்தொலியே போதும்; வழி கேட்பதற்கு மட்டும், அருகில் இருப்பவரிடம் பலகையைக் காட்டி ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அவர் எந்த அசையை நீட்டுகிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.